உப்புமா கண்ணம்மா: படிவரிசைக்கு நினைவுச்சொல் கட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை கழுவும் இடத்தில் ‘சுமன் கே’ என்று ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சொல் மறக்கவில்லை, படிகள்தான் வரமாட்டேன் என்கின்றன. ஏன்?

சொல் உங்களுக்குத் தெரிந்த பெயர்தான். அதற்குள் இருப்பது இந்தி. எஸ் என்பது சீதா, அதாவது கையின் நேர்ப்பக்கம். யூ என்பது உல்டா, மறுபக்கம். எம் முட்டி, ஏ அங்கூட்டா (கட்டைவிரல்), என் நாக்கூன் (நகம்), கே கலாயி (மணிக்கட்டு). இந்தி பேசுகிறவருக்கு ‘அங்’ என்றாலே அங்கூட்டா வந்துவிடும். நமக்கு ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் கையில் நிற்கிறது. ஆறில் ‘முட்டி’ ஒன்றுதான் தற்செயலாகத் தமிழ்க் காதிலும் விழுகிறது.

நினைவுச்சொல் எதையும் கற்பிக்காது. ஏற்கெனவே வாயில் இருக்கும் ஒரு பெயரை எழுத்தைப் பிடித்து வெளியே இழுக்கும், அவ்வளவுதான். அதனால் மொழிபெயர்த்தால் அது செத்துவிடும். உள்ளூர்ப் பெயர்களை வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? நல்ல சொல்லை யோசித்துவிட்டுப் படிகளை அதில் பொருத்தலாமா?

கூடாது. அப்படிச் செய்தால் படிகளுக்கு யாரும் சொல்லாத பெயர்களை வலிந்து சூட்ட வேண்டிவரும். முதலில் படிகளை எழுதுங்கள். பிறகு யாருமே மறக்காத படிகளை அடித்துவிடுங்கள். கை கழுவுவதில் நனைப்பது, சோப்பு போடுவது, அலசுவது மூன்றையும் குழாயும் சோப்பும் நுரையுமே ஞாபகப்படுத்திவிடும். அவற்றுக்கு எழுத்து செலவழிக்க வேண்டாம். பலரும் விட்டுவிடுவது கட்டைவிரலையும் விரல்நுனியையும்தான். சொல் அவற்றைத் தாங்கினால் போதும்.

மிஞ்சிய ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு சொல் வையுங்கள். பக்கத்தில் அதே பொருளில் மக்கள் பேசும் வேறு பெயர்களையும் எழுதுங்கள். கட்டைவிரலுக்குப் பெருவிரல், நகத்துக்கு நுனி என்று இரண்டு மூன்று இருந்தால் எழுத்தை மாற்ற இடம் கிடைக்கும். ஐந்து, ஆறு படி வரை ஒரு சொல்லிலோ ஒரு சொல்லிணையிலோ அடக்கலாம். அதற்கு மேல் போனால் வேலையையே இரண்டு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சொல் வைப்பது நல்லது.

தமிழில் முதலெழுத்துகளைச் சேர்த்தால் சொல்லே வருவதில்லையே? ஆங்கிலத்தில் மட்டும் எப்படி எளிதாக வருகிறது?

ஆங்கிலத்தில் ஏறக்குறைய எந்த எழுத்தும் சொல்லுக்கு முதலிலும் வரும், நடுவிலும் வரும். தமிழில் அப்படியில்லை. இந்த இலக்கணத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

உயிரெழுத்து, அளபெடையை விட்டுவிட்டால், சொல்லின் தலையில் மட்டுமே வரும். ஆகவே ‘அழுத்து’, ‘இழு’, ‘ஊற்று’ போன்ற சொற்களால் தொடங்கும் படி முதல் இடத்தில்தான் இருக்க முடியும். மூன்றாவது படி ‘அழுத்து’ என்றால் சொல்லின் நடுவில் ‘அ’வை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்தப் படிக்கு உயிர்மெய்யில் தொடங்கும் வேறு பெயர் தேட வேண்டும். தொடர்ந்து சொல் கிடைக்காமல் திணறுகிறவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான்.

மறுபக்கம், ண ழ ள ற ன எழுத்துகளில் எந்தச் சொல்லும் தொடங்காது. ட ர ல மூன்றும் டப்பா, ரயில், லாரி போன்ற கடன்சொற்களில்தான் தொடங்கும். ஆகவே ‘மரம்’, ‘விளக்கு’, ‘பழம்’ எல்லாம் அழகான சொற்கள், நினைவுச்சொல்லுக்கு உதவாதவை. தாராளமாகக் கிடைப்பவை க ச த ந ப ம வ ஏழும்தான். ய, ஞ எப்போதாவது உதவும். இந்த ஏழுக்குள்ளேயே ஓடும் சொல்லைத் தேடுங்கள்.

புள்ளி எழுத்துகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மெய்யில் சொல் தொடங்காது என்பதால் அதைத் தாண்டிப் போவதில் குழப்பமே வராது. ‘அப்பளம்’ போன்ற சொற்களில் ‘ப்’, ‘ம்’ இரண்டும் வெறும் ஓசைதான்.

ஒரு சலுகையும் உண்டு. ண, ன இரண்டும் சொல்முதலில் வராததால், நினைவுச்சொல்லில் அவை வந்தால் ‘ந’ என்று வைத்துக்கொள்ளலாம். காதுக்கு மூன்றும் உறவு. வேறு எந்தப் படியோடும் மோதாது.

கை கழுவும் ஆறு படிக்கு ஒன்றைக் கட்டிக் காட்ட முடியுமா?

படிகளின் பெயர்கள்: உள்ளங்கை, புறங்கை, முட்டி, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு. முதலெழுத்துகள் உ, பு, மு, க, ந, ம.

உயிரெழுத்து ஒன்றே ஒன்று, அதுவும் முதலிடத்தில். நல்ல சகுனம். முதல் மூன்றை மட்டும் எடுத்து உ‑ப‑ம என்று ஓட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு புள்ளி எழுத்தைப் போட்டால் ‘உப்புமா’ எழுந்து நிற்கிறது: உ, (ப்), பு, மா. அடுத்த மூன்று க‑ந‑ம. இங்கே ந‑வுக்குப் பதில் ண‑வை விட்டுப் பார்த்தால் ‘கண்ணம்மா’: க, (ண்), ண, (ம்), மா.

உப்புமா கண்ணம்மா.

உ: உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்.
பு: ஒரு கையின் புறங்கையை மறுகையால், விரல்களைக் கோத்துத் தேய். பிறகு கை மாற்று.
மா: விரல்களை மடக்கி, முட்டிப் பக்கத்தை மறு உள்ளங்கையில் தேய்.
க: கட்டைவிரலை மறுகையால் பற்றித் திருகு. இரண்டு கைக்கும்.
ண: நகங்களும் விரல்நுனிகளும் உள்ளங்கையில் வட்டமிடட்டும்.
மா: மணிக்கட்டைப் பற்றித் திருகு.

ஆறெழுத்துச் சொல் ஒன்றைவிட மும்மூன்றாகப் பிரிந்த இரண்டு சொல் இங்கே வசதி. பாதியில் யாராவது கூப்பிட்டுக் கவனம் சிதறினாலும் ‘உப்புமா முடிந்தது, கண்ணம்மா பாக்கி’ என்று இடம் தெரியும்.

சொல்லுக்கும் வேலைக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. படிகளை நினைவுபடுத்தச் சொல் இருக்கிறது, அந்தச் சொல்லை நினைவுபடுத்த எது இருக்கிறது என்பதுதான் பலர் கேட்காமல் விடும் கேள்வி. கண்ணம்மாவை உப்புமா சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் கை கழுவத்தான் அனுப்புவோம். குழாயடியில் நிற்கும்போது சொல் தானாக வர இந்தச் சிறு காட்சி போதும்.

இந்தக் கலையில் உச்சம் தொட்டவர்கள் நம் யாப்பிலக்கணக்காரர்கள். ‘தேமா’ என்ற சொல்லே நேர்நேர், ‘புளிமா’ என்ற சொல்லே நிரைநேர். எழுத்தைப் பிரித்து எதையும் தேட வேண்டியதில்லை, வாயால் சொன்னால் அதுவே எடுத்துக்காட்டு. எல்லாப் பட்டியலுக்கும் இந்த பாக்கியம் கிடைக்காது.

முட்டிக்கு ‘மு’, ஆனால் சொல்லில் இருப்பது ‘மா’. உயிர்மெய் அப்படியே பொருந்த வேண்டாமா?

மெய் பொருந்தினால் போதும், ஒரு நிபந்தனையோடு. அதே மெய்யில் தொடங்கும் இன்னொரு படி இல்லை என்றால் உயிரை விட்டுக்கொடுக்கலாம். கர்நாடக இசையின் மேளகர்த்தா என்ற தாய் ராகங்களின் எண்ணை, பெயரின் முதல் இரண்டு எழுத்திலிருந்து எடுக்கும் கடபயாதி முறையிலும் இப்படித்தான். மாயாமாளவகௌளையில் ‘மா’ 5, ‘யா’ 1, திருப்பிப் படித்தால் 15‑ஆவது மேளம். மேசகல்யாணியின் ‘மே’யும் 5‑தான். உயிருக்கு அங்கே மதிப்பில்லை.

‘உப்புமா கண்ணம்மா’ இந்த நிபந்தனையில் கொஞ்சம் சறுக்குகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டியும் மணிக்கட்டும் இரண்டும் மகரம், இரண்டுக்கும் சொல்லில் ‘மா’. புதிதாகக் கற்பவர் மூன்றாவது இடத்திலேயே மணிக்கட்டுக்குத் தாவிவிடுவார். ஆனாலும் இதை வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டு விரல்களிலிருந்து மிகத் தள்ளி, கையின் ஓரத்தில் இருக்கிறது, சொல்லிலும் அது ஓரத்தில். ‘கடைசி மா கையின் கடைசி’ என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் தீரும். தவிர, இந்த வேலையில் வரிசை தவறினால் பெரிய நஷ்டமில்லை. ஓர் இடமும் விடுபடாமல் இருப்பதற்குத்தான் வரிசை. வரிசை தவறினால் வேலையே கெடும் என்ற இடங்களில் இவ்வளவு தாராளம் காட்டக் கூடாது.

அப்படி வரிசை தவறக் கூடாத வேலைக்கு எப்படிக் கட்டுவது?

தீயணைப்பான் உருளையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று நான்கு எழுத்து சொல்லித்தருவார்கள்: பின்னை இழு, அடியைக் குறிவை, அழுத்து, பக்கவாட்டில் வீசு. தமிழில் நேராக எடுத்தால் பி, அ, அ, ப. இரண்டு உயிரெழுத்து நடுவில் மாட்டிக்கொள்கிறது. சொல் வராது.

பெயர்களை மாற்றுவோம். பின்னை இழுப்பதைக் ‘கழற்று’ எனலாம். குறிவைப்பதைத் ‘தாழ்த்து’ எனலாம். இது எழுத்துக்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் விஷயத்துக்கும் நல்லது. பதற்றத்தில் எல்லோரும் சுவாலையைப் பார்த்து அடிப்பார்கள், மருந்து மேலோடு போய்விடும், எரியும் பொருள் அப்படியே எரியும். ‘தாழ்த்து’ என்ற சொல் குழாய்முனையைத் தீயின் அடிக்கே கொண்டுபோகிறது. அழுத்துவதைக் ‘கைப்பிடி’ என்றும், வீசுவதைத் ‘துடை’ என்றும் வைத்தால் க, த, க, த. ‘கதகத’ வந்துவிட்டது. ‘கதகதப்பு’ என்று முடிக்க ஒரு ‘பு’ மிஞ்சுகிறது. அதற்கும் வேலை இருக்கிறது: அணைந்தபின் தீ மறுபடி பற்றலாம், ஆகவே ‘புறங்காட்டாதே’, தீயைப் பார்த்தபடியே பின்வாங்கு.

கழற்று, தாழ்த்து, கைப்பிடி, துடை, புறங்காட்டாதே. கதகதப்பு.

க இரண்டு, த இரண்டு இருக்கிறதே என்றால், இங்கே கருவியே காவல். பின் கழலாமல் கைப்பிடி இறங்காது. மருந்து வெளியே வராமல் துடைக்க எதுவுமில்லை. இடம் மாறினால் கருவி ஒத்துழைக்காது, உடனே தெரியும். இப்படி இயற்கையாகத் தடை இல்லாத வேலையில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் அந்தச் சொல்லை ஏற்காதீர்கள்.

சொல்லுக்குள் அடங்காத ஒரு நுணுக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னைக் கழற்றும்போது மேல் பிடியையும் சேர்த்து இறுக்கினால் பின் சிக்கிக்கொண்டு வராது. பயத்தில் இரண்டு பிடியையும் கவ்விக்கொண்டு இழுப்பதுதான் வழக்கம். கீழ்ப் பிடியை மட்டும் பிடித்து, பின்னைத் திருகி முத்திரையை அறுத்து இழுக்க வேண்டும்.

சொல்லில் அடங்காதவற்றை என்ன செய்வது? இன்னும் எழுத்து சேர்த்துவிடலாமா?

வேண்டாம். எண்ணிக்கை, நேரம், ‘இரண்டு கைக்கும்’ போன்றவை எழுத்தில் உட்காரா. கை கழுவ உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் நனைப்பது முதல் துடைப்பது வரை 40 முதல் 60 வினாடி. ‘உப்புமா கண்ணம்மா’வைப் பத்து வினாடியிலும் ஓட்டிவிடலாம், ஆறு படியும் செய்ததாகவே தோன்றும். அதே நிறுவனத்தின் படத்தில் உள்ளங்கைகளை எதிரெதிரே வைத்து விரலிடுக்கைத் தேய்ப்பது தனிப் படியாக இருக்கிறது. நம் சொல்லில் அதற்கு இடமில்லை. இவற்றை அருகிலுள்ள படியோடு ஒட்டிக் கற்றுக்கொடுங்கள்: ‘உ’ என்றால் உள்ளங்கை தேய்த்து, அப்படியே விரல் கோத்துத் தேய்ப்பது வரை.

தீயணைப்பானிலும் இப்படித்தான். ஆட்களை எச்சரிப்பது, வெளியேறும் வழியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது, இந்தத் தீக்கு இந்த உருளை சரிதானா என்று பார்ப்பது எல்லாம் ‘கதகதப்பு’க்கு முந்தியவை. சொல் எங்கே தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கற்றவர் முதல் எழுத்திலேயே உருளையை நோக்கி ஓடுவார்.

எவ்வளவு முயன்றும் சொல் வரவில்லை. வாக்கியம் வைக்கலாமா?

வைக்கலாம். வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு படி என்பதால் உயிரெழுத்துச் சிக்கல் மறைந்துவிடும். எட்டுக் கோள்களை வரிசையாகச் சொல்ல: ‘புது வெண்ணெய் பூசிய செவ்வாழையை விறகடுப்பில் சமைத்து யுகாதிக்கு நீட்டினாள்.’ புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன்.

இதில் ப, வ, ச மூன்றும் இரண்டிரண்டு முறை வருகின்றன. அதனால் அந்த ஆறு இடத்திலும் உயிரை அப்படியே காப்பாற்றியிருக்கிறது: பு‑பூ, வெ‑வி, செ‑ச. நெப்டியூனுக்குப் போட்டி இல்லை, அங்கே ‘நீ’ போதும்.

‘வெள்ளரி, பூசணி, சேனை’ என்று காய்கறிப் பட்டியலாகப் போடாதீர்கள். பட்டியலில் எதை எங்கே மாற்றினாலும் பொருள் கெடாது, ஆகவே வரிசையைக் காக்க எதுவுமில்லை. மேலே உள்ள வாக்கியத்தில் ‘பூசிய’ ‘வெண்ணெய்’க்கு முன்னால் போக முடியாது. இலக்கணமே ஆணி.

தமிழ்ப் படிகளை ஆங்கில எழுத்தில் எழுதிச் சொல் கட்டினால்?

ஆங்கில எழுத்தில் டி என்றால் தாழ்த்துவா, டப்பாவா? எஸ் என்றால் சுற்று, சி என்றால் சேர் என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் மாற்றி எழுதுவார். படிகளே ஆங்கிலப் பெயரோடு புழங்கும் வேலையென்றால் மட்டும் சரி.

நினைவுச்சொல்லாலேயே தப்பு நடப்பதுண்டா?

உண்டு. பள்ளியில் எல்லோரும் படித்த ‘போட்மாஸ்’ நல்ல உதாரணம். 8 − 3 + 2 என்ற கணக்கில் ‘ஏ’ முன்னால் வருவதால் கூட்டலை முதலில் முடித்து 8 − 5 = 3 என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. விடை 7. கூட்டலும் கழித்தலும் ஒரே தரம், இடமிருந்து வலமாகப் போக வேண்டும். சொல்லில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்க முடியும், ‘இவை இரண்டும் சமம்’ என்று சொல்ல அதற்கு வழியில்லை. சமமான படிகள் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே எழுத்து கொடுங்கள்.

இன்னொன்று, வரிசையே மாறிப்போவது. இதயம் நின்றவருக்கான முதலுதவியை மூச்சுப்பாதை, மூச்சு, மார்பழுத்தம் என்று ‘ஏ பி சி’யாகக் கற்றார்கள். 2010‑இல் அமெரிக்க இதய சங்கம் மார்பழுத்தத்தை முதலுக்குக் கொண்டுவந்து ‘சி ஏ பி’ ஆக்கியது. ஏ பி சி மறக்கவே முடியாத வரிசை என்பதே அப்போது தொல்லையானது. மாறக்கூடிய நடைமுறைக்கு அரிச்சுவடி போல ஊறிப்போன சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாறிவிட்டால் பழைய சொல்லைத் திருத்தி ஒட்டாமல், முற்றிலும் வேறு சொல் வையுங்கள்.

மனதில் ஏறிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

சொல்லைக் கேட்காதீர்கள், அது எல்லோருக்கும் வந்துவிடும். ‘நகத்துக்கு அடுத்தது என்ன?’, ‘நான்காவது படி எது?’ என்று நடுவிலிருந்து கேளுங்கள். பிறகு சொல்லே சொல்லாமல் கையால் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு மறுபடியும், ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

சொல்லைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேரிடம் சோதித்தால் போதும். மூவரும் வெவ்வேறு இடத்தில் தடுமாறினால் பயிற்சி போதவில்லை. மூவரும் ஒரே எழுத்தில் நின்றால் அந்தப் படிக்கு வைத்த பெயர்தான் தப்பு. ‘முட்டி’ என்றதும் ஒருவர் முழங்காலைப் பார்த்தால் ‘மடக்கிய விரல்’ என்று மாற்றுங்கள். அதுவும் மகரம்தான், உப்புமாவைத் தொட வேண்டியதில்லை.